மூட்டையில் கொட்டையா, கல்லா: முந்திரி இறக்குமதிக்கு எந்த விலைமுறை, எந்த எல்.சி.?

பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தொழிற்சாலை வைத்திருக்கும் என் அக்கா மகன் இதுவரை ஏஜென்ட் மூலமாகத்தான் ஆப்பிரிக்கக் கொட்டையை வாங்கி வந்தான். இந்த சீசனில் ஐவரி கோஸ்டின் அபிஜான் துறைமுகத்திலிருந்து நேரடியாகவே வாங்கலாம் என்று முடிவு செய்தான். 100 டன், டன்னுக்கு 1,200 டாலர், தூத்துக்குடி வரை கொண்டுவந்து தருவதாக விற்பவர் ஒப்புக்கொண்டார். மொத்தம் 1,20,000 டாலர். "எல்.சி. போட்டாச்சுன்னா பணம் பத்திரம்தானே மாமா?" என்று கேட்டான். இல்லை என்று சொன்னேன். அதற்கான காரணத்தையும், அவன் முன்னால் இருந்த வழிகளையும் இங்கே எழுதுகிறேன். ஏற்றுமதி இறக்குமதி ஆவணங்களோடு பல வருடம் புழங்கியவன் என்ற முறையில் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு.

எல்.சி., அதாவது லெட்டர் ஆஃப் கிரெடிட், வங்கி விற்பவருக்குத் தரும் வாக்கு. "நீ சொன்ன ஆவணங்களைக் கொண்டுவா, அவை சரியாக இருந்தால் பணம் தருகிறேன்" என்பதுதான் அந்த வாக்கு. சரக்கு சரியாக இருந்தால் தருகிறேன் என்று வங்கி எங்கும் சொல்லவில்லை. பாரிஸில் உள்ள சர்வதேச வர்த்தக சபை வெளியிட்ட யு.சி.பி. 600 விதிகள் 2007 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கின்றன. அதன் 5ஆவது பிரிவு, வங்கிகள் ஆவணங்களோடுதான் வேலை செய்கின்றன, சரக்கோடு இல்லை என்று நேராகவே சொல்கிறது. 26ஆவது பிரிவை வாங்குபவர்கள் பெரும்பாலும் படித்திருக்க மாட்டார்கள். "உள்ளே இருப்பது அனுப்பியவர் சொன்னபடி" என்று கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் ஒரு வாசகம் இருந்தாலும் வங்கி அதை ஏற்கும் என்கிறது அந்தப் பிரிவு. விற்பவரே நிரப்பி சீல் வைத்துத் தரும் கண்டெய்னருக்குக் கப்பல் கம்பெனி அப்படித்தான் எழுதும், ஏனென்றால் அது கண்டெய்னரைத் திறந்து பார்ப்பதில்லை. மூட்டைக்குள் கொட்டைக்குப் பதில் கல் இருந்தாலும் எடை இருக்கும், பில்லும் வரும், வங்கியும் பணம் தரும்.

ஆக முதல் கேள்வி, கண்டெய்னரை நிரப்பும்போது யாருடைய ஆள் பக்கத்தில் நிற்கிறார் என்பது. இங்கேதான் செலவும் பொறுப்பும் விற்பவருடையதா, வாங்குபவருடையதா என்று பிரிக்கும் சர்வதேச விதிகளான இன்கோடெர்ம்ஸ் வருகிறது. 2020 பதிப்பில் 11 விலைமுறைகள் உண்டு. நம் முடிவுக்கு மூன்று போதும்: விற்பவர் சொன்ன சி.ஐ.எஃப்., அதற்கு மாற்றான சி.ஐ.பி., நான் சொன்ன எஃப்.சி.ஏ.

சி.ஐ.எஃப். தூத்துக்குடி என்றால் கப்பல் கூலியும் காப்பீடும் விற்பவர் பொறுப்பு. அதனால் தூத்துக்குடி வரை சரக்கின் பொறுப்பும் அவருடையதே என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சரக்கு அபிஜானில் கப்பலில் ஏறியவுடனே சேதத்தின் சுமை வாங்குபவர் தலைக்கு வந்துவிடும். கூலி கட்டுவது ஒருவர், கடலில் நடப்பதைச் சுமப்பது இன்னொருவர். காப்பீடும் குறைந்த அளவு எடுத்தால் போதும். சரக்கு மதிப்பில் 110 சதவீதத்துக்கு, அதாவது இங்கே 1,32,000 டாலருக்கு, 'சி' வகை பாலிசி எடுத்துவிட்டால் விற்பவர் கடமை முடிந்தது. அந்த வகையில் கப்பல் மூழ்குவது, தீப்பிடிப்பது மாதிரியான பெரிய விபத்துகளுக்குத்தான் பாதுகாப்பு. கண்டெய்னருக்குள் கடல் தண்ணீர் புகுந்து கொட்டை பூஞ்சை பிடித்தாலோ, வழியில் திருட்டுப் போனாலோ அதில் காசு வராது. சி.ஐ.பி.-யிலும் கூலியும் காப்பீடும் விற்பவர் பொறுப்புதான், ஆனால் அதில் 2020 பதிப்பு 'ஏ' வகை பாலிசியைக் கட்டாயமாக்கியது. அது விலக்குகளைத் தவிர மற்ற எல்லா ஆபத்தையும் ஏற்கும். கண்டெய்னர் சரக்குக்கு சி.ஐ.எஃப். பொருந்தாது என்று சர்வதேச வர்த்தக சபையே சொல்கிறது. கண்டெய்னர் யார்டில் ஒப்படைக்கப்பட்ட பிறகு கப்பலில் ஏறுவதற்குச் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பம் வரும்.

ஆனால் காப்பீடு நல்லதாக இருந்தாலும் கல் விஷயத்தில் அது உதவாது. பாலிசி, இருந்த சரக்குக்கு வந்த கேட்டைத்தான் ஈடு செய்யும். முதலிலிருந்தே இல்லாத சரக்கு வழியில் கெட்டுப்போக முடியாது. சி.ஐ.எஃப்.-க்குப் பதில் சி.ஐ.பி. என்று மாறியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

மோசடியைப் பொறுத்தவரை சி.ஐ.எஃப்., சி.ஐ.பி. இரண்டிலும் ஒரே பலவீனம்தான். கப்பலை விற்பவர் பிடிக்கிறார், கண்டெய்னரை அவர் எடுக்கிறார், பில்லை அவர் வாங்குகிறார். ஆவணத்தில் நம் ஆள் கை படுவதே இல்லை. எஃப்.சி.ஏ. அபிஜான் என்றால் கப்பல் ஏற்பாடு நம்முடையது. சரக்கு அனுப்பும் வேலையைப் பார்க்கும் நம் ஃபார்வர்டர் காலி கண்டெய்னரை எடுத்துக்கொடுப்பார், நிரப்பும் இடத்துக்கு ஆள் அனுப்புவார், கப்பல் கம்பெனி நமக்குத் தெரிந்த கம்பெனியாக இருக்கும். போலி பில் வரும் வாய்ப்பு அதோடு கிட்டத்தட்ட அடைபட்டுவிடும். முன்பு எஃப்.சி.ஏ.-யில் ஒரு சிக்கல் இருந்தது. எல்.சி. 'கப்பலில் ஏற்றப்பட்டது' என்ற குறிப்புள்ள பில்லைக் கேட்கும், விற்பவரோ கண்டெய்னரை யார்டிலேயே ஒப்படைத்து ஒதுங்கிவிடுவார். 2020 பதிப்பு இதற்கு வழி செய்தது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால், அந்தப் பில்லை விற்பவருக்குக் கொடுக்கும்படி வாங்குபவர் தன் கப்பல் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் விற்பவரால் ஆவணமே தாக்கல் செய்ய முடியாது.

எஃப்.சி.ஏ.-யின் குறை செலவும் சிரமமும்தான். வருடத்துக்கு நான்கு கண்டெய்னர் எடுக்கிறவனுக்குப் பெரிய ஏற்றுமதியாளருக்குக் கிடைக்கும் கப்பல் கூலி கிடைக்காது. பிப்ரவரி முதல் ஜூன் வரையான சீசனில் இடம் கிடைப்பதும் கஷ்டம்.

இனி எல்.சி. எந்த வகை என்று பார்ப்போம். விற்பவர் கேட்டது சைட் எல்.சி., ஆவணம் வந்ததும் பணம். தேதிகளைப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும். பில் தேதி மார்ச் 10 என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் மார்ச் 20இல் தன் வங்கியில் ஆவணம் கொடுக்கிறார், 27இல் அது நம் வங்கிக்கு வந்து சேர்கிறது. ஆவணத்தைச் சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வேலை நாள். ஏப்ரல் முதல் வாரத்தில் பணம் போய்விடும். நடுவில் ஒரு துறைமுகத்தில் கப்பல் மாறி வரும் சரக்கு தூத்துக்குடியைத் தொடுவது ஏப்ரல் 20ஐ ஒட்டித்தான். கண்டெய்னரைத் திறக்கும்போது பணம் போய் இரண்டு வாரமாகியிருக்கும். அப்போது கல்லைப் பார்த்தால் அபிஜானில் போய் வழக்குப் போட வேண்டியதுதான்.

தவணை எல்.சி.-யில், பில் தேதியிலிருந்து 90 நாள் என்றால், பணம் கொடுக்க வேண்டிய நாள் ஜூன் 8. கண்டெய்னரைத் திறந்த பிறகு ஏழு வாரம் கையில் இருக்கும். மோசடி தெரிந்தால் கோர்ட்டுக்குப் போய்ப் பணத்தை நிறுத்தலாம் என்ற எண்ணம் வரும். அது எந்த அளவுக்கு நடக்கும்?

ஆவணம் சரியாக இருந்தும் மோசடிக்காகப் பணத்தை நிறுத்தலாம் என்பதைச் சட்டத்தில் மோசடி விலக்கு என்பார்கள். அது நம் ஊர் சரக்கு ஒன்றை வைத்து எழுந்த வழக்கில் நிலைபெற்றது. லக்னோவைச் சேர்ந்த ஒரு நிறுவனம் நியூயார்க் வியாபாரி ஒருவருக்குப் பன்றி முடி அனுப்ப ஒத்துக்கொண்டது. 50 பெட்டிகள் கப்பலேறின, ஆவணங்கள் ஒழுங்காக வந்தன. பெட்டிகளில் இருந்தது மாட்டு முடியும் குப்பையும் என்று வாங்கியவர் வழக்குப் போட்டார். 1941இல் நியூயார்க் நீதிமன்றம், புகாரில் சொன்னது உண்மை என்று வைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட வேண்டுமென்றே செய்த மோசடிக்கு, சரக்குத் தகராறிலிருந்து விலகி நிற்கும் எல்.சி.-யின் தனித்தன்மை பாதுகாப்புத் தராது என்றது. சட்டம் படித்தவர்கள் இதை ஸ்டெயின் வழக்கு என்பார்கள்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு வரி. ஆவணங்களைக் கொண்டுவந்த கான்பூர் வங்கிக் கிளை விற்பவருக்காக வசூல் மட்டுமே செய்தது, தன் பணத்தைப் போட்டு வாங்கவில்லை. அதனால்தான் பணத்தை நிறுத்த முடிந்தது. பணம் கேட்டு விற்பவர் எழுதும் சீட்டான உண்டியலை நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கிய ஒரு வங்கி வந்து நின்றிருந்தால், மோசடி இருந்தாலும் அதற்குப் பணம் தரவேண்டியிருக்கும் என்று நீதிமன்றமே கோடிட்டது.

தவணை எல்.சி.-யின் ஓட்டை இதுதான். விற்பவர் ஜூன் 8 வரை காத்திருக்க மாட்டார். மார்ச் மாதமே தன் வங்கியிடம் டிஸ்கவுண்ட் செய்து, அதாவது கொஞ்சம் கழித்துக்கொண்டு தரச் சொல்லி, பணம் வாங்கிவிடுவார். அந்த வங்கி, பணம் தரலாம் என்று எல்.சி.-யில் பெயர் குறிக்கப்பட்ட வங்கியாக இருந்தால், யு.சி.பி. 600இன் 12ஆவது பிரிவு அப்படி முன்கூட்டிப் பணம் கொடுக்க அதற்கு அதிகாரம் தருகிறது. நாம் ஏப்ரலில் கல்லைக் கண்டுபிடித்தாலும் ஜூனில் அந்த வங்கிக்குப் பணம் போய்த்தான் ஆகவேண்டும். ஏழு வாரம் இருப்பதாக நினைத்தது வெறும் தோற்றம்.

இதை அடைக்க ஒரு வழி உண்டு. எல்.சி. விண்ணப்பத்தில் பணம் எந்த வங்கியில் கிடைக்கும் என்ற கட்டத்தில் 'எந்த வங்கியிலும்' என்று போடாமல், எல்.சி. திறக்கும் நம் வங்கியில் மட்டும் என்று போடவேண்டும். அதோடு உண்டியல் கேட்காத தவணைப் பணமுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உண்டியல் இருந்தால் அதை நம் வங்கி ஏற்றுக் கையெழுத்திட்ட பிறகு அது கைமாறும், வாங்கியவர் பாதுகாப்புப் பெறுவார். வேறு வங்கியின் பெயரும் உண்டியலும் இல்லாதபோது விற்பவரின் வங்கி முன்கூட்டிப் பணம் கொடுத்தால், விற்பவரின் மோசடி ஆபத்தையும் அது சேர்த்தே வாங்குகிறது. அதற்கேற்ப அந்த வங்கி டிஸ்கவுண்ட் விலையைக் கூட்டும், விற்பவர் அதைச் சரக்கு விலையில் ஏற்றுவார்.

சரி, ஓட்டையை அடைத்துவிட்டோம், கோர்ட் நிறுத்துமா? எதை மோசடி என்கிறோம் என்பதைப் பொறுத்தது. பண்ருட்டிக்காரர்களுக்கு அவுட்டர்ன் கணக்கு தெரியும். 80 கிலோ மூட்டைக் கொட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு கிடைக்கும் என்பதுதான் அது. ஒப்பந்தம் 48 என்று சொல்லி, வந்தது 42 என்றால், 100 டன்னில் கிடைக்க வேண்டிய 27 டன் பருப்பில் 3.4 டன் குறையும். மதிப்பில் எட்டில் ஒரு பங்கு, 15,000 டாலர். சிறு தொழிற்சாலைக்கு அது ஒரு சீசன் லாபமே. ஆனாலும் அது தரத் தகராறு, மோசடி விலக்குக்குள் வராது. 1960களில் சென்னை நிறுவனமான தாராப்பூர், பராக்கா அணைத் திட்டத்துக்காகச் சோவியத் இயந்திரங்களை எல்.சி. மூலம் வாங்கிவிட்டு, அவை சரியாக வேலை செய்யவில்லை என்று பணத்தை நிறுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் போனது. கடைசியில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. விற்பவரோடு உள்ள சண்டையைத் தனியாகப் பார்த்துக்கொள், வங்கியின் வாக்கைத் தொடாதே என்பதுதான் சாரம். 1987இல் உத்தரப் பிரதேசக் கூட்டுறவுக் கூட்டமைப்பு வழக்கிலும் அதைத் தொடர்ந்த தீர்ப்புகளிலும் அளவுகோல் தெளிவானது. மோசடி அடிப்படையையே உடைக்கும் அளவு மோசமானதாக இருக்கவேண்டும், அல்லது பணம் போனால் திரும்ப மீட்கவே முடியாத விசேஷ நிலை இருக்கவேண்டும். வெறும் குற்றச்சாட்டு போதாது.

ஆவணமே பொய் என்றாலும் போதாமல் போகலாம். 1976 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து பெரு நாட்டுக்கு இயந்திரங்கள் போன வழக்கில், எல்.சி. கேட்ட கடைசி நாள் 15. சரக்கு ஏறியது 16. கப்பல் தரப்பின் ஆள் ஒருவர் 15 என்று பொய்த் தேதி போட்டார். விற்பவருக்கு அது தெரியாது. அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 1982இல் பணம் கொடுக்கச் சொன்னது, ஏனென்றால் பணம் கேட்பவர் செய்த அல்லது அவருக்குத் தெரிந்த மோசடிதான் விலக்கைத் திறக்கும்.

கல் நிரம்பிய கண்டெய்னர் இந்த அளவுகோலைத் தாண்டும். ஆனால் கல்லை விற்பவர்தான் போட்டார் என்று நிரூபிக்க வேண்டும், வழியில் யாரோ கொட்டையைத் திருடிக் கல்லை நிரப்பவில்லை என்றும் காட்ட வேண்டும். அதைத் தீர்மானிப்பது கண்டெய்னர் கதவில் தொங்கும் சீல். அபிஜானில் போட்ட சீல் நம்பர் பில்லில் இருந்து, தூத்துக்குடியில் அதே நம்பர் சீல் உடையாமல் இருந்தால், கல் அங்கேயே ஏறியது. சீல் மாறியிருந்தால் அது திருட்டாக இருக்கலாம், அப்போது காப்பீட்டுக் கம்பெனியிடம் போகவேண்டும், அங்கே 'ஏ' வகை பாலிசி இருந்தால் புண்ணியம். அதனால் கண்டெய்னரை சர்வேயர் முன்னிலையில், சீலைப் படம் பிடித்த பிறகே வெட்டவேண்டும். அவசரத்தில் கூலியாள் சீலை வெட்டிப்போட்டுவிட்டு அப்புறம் படம் எடுத்தால், வழக்கின் உயிர் அங்கேயே போய்விடும். இப்படி ஒரு கேஸை நான் நேரில் பார்த்திருக்கிறேன், வாங்கியவர் கடைசிவரை ஒன்றையும் மீட்கவில்லை.

அதைவிட மேல், கல் ஏறாமலே தடுப்பது. எல்.சி.-யில் கேட்கும் ஆவணப் பட்டியல்தான் அதற்கு இடம். பரிசோதனைச் சான்றிதழ் என்று மட்டும் எழுதினால் யாரோ ஒருவர் ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தருவார். இன்ன பரிசோதனைக் கம்பெனி, நிரப்பும்போது நேரில் இருந்து, அவுட்டர்ன், ஈரப்பதம், கொட்டை எண்ணிக்கை பார்த்து, தானே சீல் வைத்து, கண்டெய்னர் நம்பரையும் சீல் நம்பரையும் எழுதித் தரவேண்டும், அவை பில்லில் உள்ளவற்றோடு பொருந்த வேண்டும் என்று எழுத வேண்டும். அப்படி எழுதினால் நம்பர் ஒன்று மாறினாலும் ஆவணம் பொருந்தாதது ஆகிவிடும். அந்த 5 நாளுக்குள் வங்கி மறுக்கலாம், மோசடியை நிரூபிக்கத் தேவையே இல்லை. பத்து கோர்ட் உத்தரவுகளைவிட இந்த ஒரு வரி பயன் தரும். பொருந்தாத ஆவணம் வந்தால் வங்கி "ஏற்றுக்கொள்கிறீர்களா" என்று நமக்குக் கடிதம் அனுப்பும். சரக்கு சீக்கிரம் வேண்டும் என்ற அவசரத்தில் அதில் கையெழுத்துப் போடுவதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. சான்றிதழ் நம்பரைப் பரிசோதனைக் கம்பெனியின் இந்திய அலுவலகத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள், சான்றிதழில் அச்சடித்திருக்கும் போன் நம்பரில் கேட்காதீர்கள். போலிச் சான்றிதழில் போன் நம்பரும் போலியாகத்தான் இருக்கும்.

எல்.சி. இல்லாமல், ஆவணத்தை வங்கி மூலம் அனுப்பிப் பணம் வாங்கும் டி.பி. முறையும் உண்டு. செலவு குறைவு, பிடிக்காவிட்டால் வாங்குபவர் மறுத்துவிடலாம். அதனாலேயே சீசன் நேரத்தில் முதல்முறை பேசும் வாங்குபவருக்கு ஆப்பிரிக்க விற்பனையாளர் இதை ஏற்பதில்லை. முன்பணம் அனுப்பும் வழியை நான் பேசவே விரும்பவில்லை.

ஆக என் வரிசை இப்படி. தெரியாத விற்பவர் என்றால் முதலில் எஃப்.சி.ஏ. அபிஜான், நம் வங்கியில் மட்டும் கிடைக்கும் 90 நாள் தவணை எல்.சி., சீல் நம்பரோடு பரிசோதனைச் சான்றிதழ். விற்பவர் தவணைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சைட்டுக்கு இறங்கலாம், ஆனால் பரிசோதனை வரியில் இறங்கக் கூடாது. கப்பல் கூலி கட்டுப்படியாகவில்லை என்றால் சி.ஐ.பி.-க்குப் போகலாம், அப்போது பரிசோதனைக் கம்பெனியை நாமே நியமித்து நாமே கட்டணம் கட்டவேண்டும். அவுட்டர்ன் குறைவுக்கு எல்.சி. மதிப்பை 95 சதவீதத்துக்குத் திறந்து, மீதியைத் தூத்துக்குடியில் அறுத்துப் பார்த்த அறிக்கையின்படி கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். 15,000 டாலர் குறைவில் 6,000 அங்கேயே பிடிபடும். மீதிக்குப் பேச்சுவார்த்தையோ நடுவர் தீர்ப்போதான்.

விற்பவர் பேசிப் பேசி எஃப்.சி.ஏ.-க்கு ஒத்துக்கொண்டார், 90 நாளை 60 ஆக்கினார், டன்னுக்கு 25 டாலர் கூட்டினார். கப்பல் கூலி போக விலையைத் திருத்திப் பார்த்ததில் அந்த 25 டாலர் மட்டுமே உண்மையான கூடுதல், மொத்தம் 2,500. பில் மார்ச் 10 என்றால் மே 9 வரை, கண்டெய்னர் வந்து சேர்ந்தபின் சுமார் 19 நாள் கிடைக்கும். சர்வேயரை ஏற்பாடு செய்து, திறந்து, தேவைப்பட்டால் கோர்ட்டில் மனுப் போட அது போதும் என்று கணக்குப் போட்டோம். சர்வேயருக்கு முன்பணம் கட்டி நாள் குறித்த பிறகுதான் அவன் எல்.சி. விண்ணப்பத்தை வங்கியில் கொடுத்தான்.